ஆதரவு முடிந்த ரௌட்டர்கள்: எதைக் கழற்றுவது, எதைப் பூட்டி வைப்பது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் ஐடி வேலை முழுவதையும் நான் ஒருவனே பார்க்கிறேன். தலைமை அலுவலகம், சற்றுத் தள்ளி ஒரு கிடங்கு, தூரத்தில் ஒரு கிளை. தணிக்கைக்கு வந்தவர், "ஆதரவு முடிந்த நெட்வொர்க் கருவிகளின் பட்டியலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டமும் 30 நாளில் வேண்டும்" என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரிந்து இருப்பவை: இணைய வாசலில் சிஸ்கோ RV042G, கிடங்குக்குப் போகும் லைனின் இரு முனையிலும் சிஸ்கோ 1941, நான்கு 2960 சுவிட்ச், கோப்புகள் வைக்க ஒரு டி-லிங்க் DNS-320L, கிடங்கில் எடைமேடையைக் கணினியோடு இணைக்கும் ஒரு சீரியல்-ஈதர்நெட் கன்வெர்ட்டர். கிளையில் இருப்பது இணைய சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி. நடுவில் உள்ள லேயர்-3 சுவிட்ச் மட்டும் புதிது. எல்லாமே ஓடுகிறது. "ஓடுவதை ஏன் மாற்றணும்?" என்கிறார் முதலாளி. எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் மாற்றப் பணமும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வயதை வைத்து வரிசை போடாதீர்கள். உங்களிடம் இருப்பதில் 2960 சுவிட்சுகளுக்கு ஆதரவு 2019 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. 1941-க்கு 2022 டிசம்பரோடு சரி. ஆனாலும் முதலில் கழற்ற வேண்டியது RV042G. உங்கள் கட்டடத்துக்குள் காலே வைக்காத ஒருவர், உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் பாக்கெட் அனுப்பித் தொட்டுப் பார்க்கக்கூடிய கருவி தலைமை அலுவலகத்தில் அது ஒன்றுதான். ஒரு கருவியை யார் தொட முடியும் என்பதுதான் உங்கள் பட்டியலின் வரிசை. ஆதரவு முடிந்த தேதி அதற்கு அடுத்தபடி.

RV042G விஷயத்தில் இது வெறும் அனுமானம் இல்லை. 2023 ஜனவரியில் CVE-2023-20025 என்ற ஓட்டை வெளியானது. கடவுச்சொல்லே இல்லாமல் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய வழிவிடும் ஓட்டை அது. RV016, RV042, RV042G, RV082 நான்குக்கும் பொருந்தும். இந்தக் கருவிகள் ஆதரவை நிறுத்தும் கட்டத்துக்குள் போய்விட்டதால் இதற்குத் திருத்தம் வெளியிடப்போவதில்லை என்று சிஸ்கோ அப்போதே எழுதிவிட்டது. தற்காலிகமாகச் செய்யச் சொன்னது இவ்வளவுதான்: வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், 443, 60443 போர்ட்டுகளை அடைத்துவிடுங்கள். இதைப் படித்து முடித்ததும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அது. பட்டியல் போடுவதெல்லாம் அதற்குப் பிறகு.

முதலாளிக்கான பதிலும் இங்கேதான் இருக்கிறது. பெட்டி ஓடுகிறது என்பதில் அவருக்கும் உங்களுக்கும் தகராறு இல்லை. நின்றுபோனது, அதைப் பழுது பார்க்கும் ஆள். 2025 மே மாதம் எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. ஆதரவு முடிந்த பழைய ரௌட்டர்களில் தி மூன் என்ற தீநிரலை ஏற்றி, அந்த ரௌட்டர்கள் வழியாகப் போகும் இணைப்பை 5socks, Anyproxy என்ற தளங்களில் வாடகைக்கு விற்றிருக்கிறார்கள். வாடகைக்கு எடுத்தவர் செய்யும் திருட்டெல்லாம் ரௌட்டர் வைத்திருப்பவரின் ஐபி முகவரியில் பதிவாகும். இப்படிப் பிடிபட்ட ரௌட்டர் நின்றுபோகாது, வேகமும் பெரிதாகக் குறையாது. நின்றுபோனால் வாடகை வராதே! ஆகவே "ஓடுகிறது" என்பது எதற்கும் அத்தாட்சி ஆகாது.

இனி பட்டியல். நீங்கள் சொன்னவை "எனக்குத் தெரிந்து இருப்பவை". தணிக்கையாளர் கேட்பது தெரியாததையும் சேர்த்து. புதிய லேயர்-3 சுவிட்சில் தொடங்கி, ஒவ்வொரு சுவிட்சிலும் ரௌட்டரிலும் நுழைந்து இவற்றை எடுத்து ஒரு கோப்பில் போடுங்கள்:

```
show version
show inventory
show cdp neighbors detail
show lldp neighbors detail
show ip arp
show mac address-table
```

முதல் இரண்டும் மாடல், வரிசை எண், ஃபர்ம்வேர் பதிப்பு தரும். அடுத்த இரண்டும் பக்கத்தில் யார் தொங்குகிறார் என்று சொல்லும். ஆனால் விலை குறைந்த ரௌட்டர்கள் தங்களைப் பற்றி அண்டைக் கருவிகளுக்கு எதுவும் அறிவிப்பதில்லை. அவற்றைப் பிடிக்க மேக் அட்டவணைதான் வழி. ஒரு மேசைக்குப் போகும் போர்ட்டில் ஐந்தாறு மேக் முகவரி தெரிந்தால் அங்கே ஒரு குட்டி சுவிட்ச் ஒளிந்திருக்கிறது. ஒரே ஒரு மேக்தான் தெரிகிறது, அதன் முதல் ஆறு எழுத்துகள் ரௌட்டர் செய்யும் நிறுவனத்துடையவை என்றால், யாரோ வீட்டு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து செருகியிருக்கலாம். தனக்குப் பின்னால் எத்தனை கணினி இருந்தாலும் அது ஒற்றை முகமாகவே தெரியும். யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டரும் அதே முன்னெழுத்தோடு வரக்கூடும் என்பதால், நேரில் போய் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டே முடிவு கட்டுங்கள்.

அடுத்து ஸ்கேன்:

```
nmap -sn 192.168.10.0/24 -oN live.txt
nmap -sV -p 22,23,80,443,4786,8080,8443 192.168.10.0/24 \
  -oN services.txt
```

கோப்புப் பெயர்களை மட்டும் மாற்றி, கிடங்கின் முகவரி வரம்புக்கும் இதையே ஓட்டுங்கள். ஆனால் அங்கே எடைமேடைக் கன்வெர்ட்டரின் முகவரியை `--exclude` போட்டு ஒதுக்கிவிடுங்கள். இந்த மாதிரிப் பெட்டிகள் பல, ஒரே நேரத்தில் ஓரிரு இணைப்புகளைத்தான் தாங்கும். ஸ்கேனர் கதவைத் தட்டியதும் உறைந்துபோய், யாராவது மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகும்வரை அப்படியே நிற்கும். வரிசையாக லாரி நிற்கும் நேரத்தில் அது நடந்தால், அன்றோடு உங்கள் திட்டத்துக்குக் கிடங்கில் ஆதரவு கிடையாது. ஸ்கேனை வேலை நேரத்துக்குப் பிறகே ஓட்டுங்கள்.

வெளிப்பக்கத்தை வெளியிலிருந்தே பார்க்க வேண்டும். உள்ளிருந்து உங்கள் பொது முகவரியைத் தட்டினால் கிடைக்கும் பதிலை நம்ப முடியாது. மடிக்கணினியைக் கைபேசியின் டேட்டாவில் இணைத்து, உங்கள் பொது முகவரியைப் போட்டு ஓட்டுங்கள் (203.0.113.10 என்பது எடுத்துக்காட்டுக்கான முகவரி):

```
nmap -Pn -p 22,23,80,443,7547,8080,8443,60443 203.0.113.10
```

தலைமை அலுவலகத்துக்கும் கிளைக்கும் தனித்தனியாக. `open` என்று வரும் ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் திறந்திருக்கிறது, யாருக்காக?" என்று உங்களிடம் பதில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் கையில் டார்ச்சோடு ஒரு சுற்று சுற்றியே ஆக வேண்டும். காரணம், அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். ஒரே மாடல் பெயரில் நிறுவனங்கள் உள்ளுக்குள் முற்றிலும் வேறான வன்பொருளை விற்கும். `H/W Ver.: A1` என்றும் `B1` என்றும், அல்லது `V2`, `V5` என்றும் சின்ன எழுத்தில் இருப்பது அதுதான். A1-க்கு ஆதரவு முடிந்து B1-க்கு இன்னும் ஃபர்ம்வேர் வந்துகொண்டிருக்கலாம். ஒன்றின் ஃபர்ம்வேரை இன்னொன்றில் ஏற்றினால் பெட்டி செத்தும் போகலாம். மாடல் பெயரை மட்டும் எழுதிய பட்டியலை வைத்துத் தேதி தேட முடியாது. ஸ்டிக்கரை ஒரு படம் எடுத்து, கோப்பின் பெயராக வரிசை எண்ணைக் கொடுத்துவிடுங்கள்.

தேதி என்றேன். அதில் ஒரு குழப்பம் உண்டு. ஒரு கருவிக்கு ஒரே முடிவுத் தேதி இருப்பதில்லை. முதலில் விற்பனை நிற்கும். பிறகு சாதாரணக் கோளாறுகளுக்கான திருத்தம் நிற்கும். பிறகு பாதுகாப்பு ஓட்டைகளுக்கான திருத்தம் நிற்கும். கடைசியில்தான் ஆதரவு முழுவதுமாக நிற்கும். விற்பனையாளர்கள் பெரும்பாலும் உங்களிடம் சொல்வது முதலாவதை அல்லது கடைசியானதை. உங்கள் பட்டியலுக்கு வேண்டியது மூன்றாவது. சிஸ்கோ அறிவிப்புகளில் அது `End of Vulnerability/Security Support` என்று தனி வரியாக இருக்கும். கடைசித் தேதிக்கு முன்பாகவே வந்துவிடுவதும் உண்டு. வன்பொருளுக்கு ஒரு தேதி, அதில் ஓடும் மென்பொருள் கிளைக்கு இன்னொரு தேதி என்று இருக்கும் கருவிகளும் உள்ளன. ஃபோர்டிகேட் அப்படித்தான்: பெட்டி ஆதரவில் இருக்கும், அதில் ஓடும் FortiOS கிளை வெளியாகி 54 மாதம் கடந்து ஆதரவை இழந்திருக்கும். இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதையே எழுதுங்கள்.

தேதியை உற்பத்தியாளரின் பக்கத்திலிருந்தே எடுங்கள். அந்தப் பக்கத்தின் முகவரியையும் நீங்கள் பார்த்த நாளையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். சில சின்ன நிறுவனங்கள் இப்படி ஒரு பக்கமே வைத்திருப்பதில்லை. அங்கே பதிவிறக்கப் பக்கத்தில் கடைசி ஃபர்ம்வேரின் தேதியைப் பார்ப்பேன். அது இரண்டு வருடத்துக்கும் பழையதாக இருந்து, மின்னஞ்சலில் கேட்டும் பதில் வரவில்லை என்றால், ஆதரவு முடிந்தது என்றே எழுதுவேன். இது விதி அல்ல, என் வழக்கம்.

அட்டவணையில் பத்திகளைப் பெருக்காதீர்கள். இருக்கும் இடம், மாடலும் வன்பொருள் பதிப்பும், வரிசை எண், ஃபர்ம்வேர், பாதுகாப்புத் திருத்தம் முடிந்த நாள், யார் தொட முடியும், அது நின்றால் எந்த வேலை நிற்கும், முடிவு, கெடு, பொறுப்பானவர். இவ்வளவு போதும். "யார் தொட முடியும்" என்பதில் மூன்றே விடை: இணையம், உள்ளே இருக்கும் எல்லோரும், நிர்வாகி மட்டும். "முடிவு" என்பதிலும் மூன்றே விடை: மாற்று, நீக்கு, தனிமைப்படுத்து. "கண்காணிப்பில் உள்ளது" என்று நான்காவதாக ஒன்றை நுழைக்க ஆசை வரும். விடாதீர்கள். அந்தச் சொல் வந்த வரியில் எதுவும் நடக்காது.

இனி உங்கள் கருவிகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

RV042G-க்கு முடிவு: மாற்று. இதைத் தனிமைப்படுத்த வழியே இல்லை, ஏனென்றால் இணையத்தைப் பார்த்து நிற்பதுதான் அதன் வேலை. நிர்வாகப் பக்கத்தை மூடினாலும் விபிஎன்னுக்காக அது வெளியிலிருந்து வரும் பாக்கெட்டுகளைப் படித்தாக வேண்டும். அந்தப் படிக்கும் நிரலும் திருத்தம் நின்றுபோன அதே ஃபர்ம்வேரில்தான் இருக்கிறது. எனவே வாசலில் நிற்கும் கருவிக்குக் கெடுவை வாரக் கணக்கில் வையுங்கள். ஒப்பிட்டுச் சொல்ல ஓர் எண் வேண்டுமென்றால்: 2023 ஜூனில் அமெரிக்காவின் சிசா அமைப்பு தன் அரசுத் துறைகளுக்கு இட்ட BOD 23-02 உத்தரவில், இணையத்துக்குத் திறந்து கிடக்கும் நிர்வாகப் பக்கம் கண்டறியப்பட்டால் 14 நாளுக்குள் அதை இணையத்திலிருந்து விலக்கவோ, தக்க அணுகல் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரவோ சொன்னது. உங்கள் முதலாளியிடம் இந்த எண் எடுபடும்.

மாற்றும்போது பழைய அமைப்பை அப்படியே புதுப் பெட்டிக்கு நகலெடுக்காதீர்கள். பழையதில் யாராவது நுழைந்திருந்தால், அவர் போட்டு வைத்ததும் சேர்ந்து குடிபெயரும். போர்ட் ஃபார்வர்டு வரிகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றையும் யார் பயன்படுத்துகிறார்கள் என்று அலுவலகத்தில் கேளுங்கள். யாரும் உரிமை கோராத வரி புதுப் பெட்டிக்குப் போகாது. இப்படிக் கேட்டாலே பாதி உதிர்ந்துவிடும். விபிஎன் பகிர்வுச் சாவி, நிர்வாகி கடவுச்சொல், பயனர் கடவுச்சொல் எல்லாம் புதிதாகப் போட வேண்டும். அந்தப் பழைய நிர்வாகிக் கடவுச்சொல்லையே வேறு கருவிகளிலும் வைத்திருந்தால் அங்கேயும் மாற்றுங்கள். பெரும்பாலும் வைத்திருப்போம்.

கழற்றும் முன் பழைய பெட்டிக்குள் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நீங்கள் உருவாக்காத பயனர், மாறியிருக்கும் டிஎன்எஸ் முகவரி, நீங்கள் அணைத்தும் மறுபடி இயங்கத் தொடங்கிய வெளி நிர்வாக வசதி, யாருக்கும் தெரியாத ஃபார்வர்டு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அது "ஆதரவு முடிந்த கருவி" என்ற தலைப்பைத் தாண்டிய விஷயம். எல்லாத் திரைகளையும் படம் பிடித்து வைத்துவிட்டு, அதன் வழியாகப் போன கடவுச்சொற்கள் எல்லாம் கசிந்தவை என்று எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள். மறுதொடக்கம் செய்து பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். 2023 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்ற அனுமதியோடு நூற்றுக்கணக்கான ரௌட்டர்களிலிருந்து கேவி பாட்நெட்டை அழித்தார்கள். பெரும்பாலும் ஆதரவு முடிந்த சிஸ்கோ, நெட்கியர் பெட்டிகள். ஓட்டையை அடைக்காமல் மறுதொடக்கம் மட்டும் செய்தால் தீநிரல் திரும்பவும் தொற்றலாம் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லப்பட்டது.

கிளையில் இருக்கும் பெட்டி உங்களுடையது அல்ல, அதன் ஃபர்ம்வேரும் உங்கள் கையில் இல்லை. மாடல், வன்பொருள் பதிப்பு, வரிசை எண் மூன்றையும் எழுதி, "இதற்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவரை வரும்?" என்று சேவை நிறுவனத்துக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஆதரவில் உள்ளதைக் கொடுக்கச் சொல்லலாம். கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், அதைப் பிரிட்ஜ் முறையில் போட்டு, பின்னால் உங்களுடைய சிறு ஃபயர்வாலை வைத்து, உங்கள் நெட்வொர்க் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஏன் இவ்வளவு சந்தேகம் என்றால், இந்தப் பெட்டிகளைச் சேவை நிறுவனம் தொலைவிலிருந்து மேலாண்மை செய்யும் கதவு ஒன்று இருக்கும், வழக்கமாக 7547 போர்ட். 2016 நவம்பரில் அந்தக் கதவைக் குறிவைத்து மிராய் வகைத் தாக்குதல் நடந்தபோது ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாமின் சுமார் 9 லட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்பு பாதிக்கப்பட்டது. மேலே வெளி ஸ்கேனில் அந்த எண்ணைச் சேர்த்தது அதனால்தான்.

DNS-320L பெயரளவில் சேமிப்புப் பெட்டி, ஆனால் இந்தப் பட்டியலில் அதற்குத் தாராளமாக இடம் உண்டு. 2024 ஏப்ரலில் வெளியான CVE-2024-3272, CVE-2024-3273 இரண்டும் சேர்ந்து, ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்து கிடந்த ஒரு கணக்கு வழியாகக் கட்டளை ஓட்ட விடுகின்றன. திருத்தம் இல்லை, கருவியை ஓய்வுபெறச் செய்யுங்கள் என்றுதான் டி-லிங்க் சொன்னது. இன்றே அதற்கு இணைய வழி இல்லாமல் செய்யுங்கள். ரௌட்டரில் யூபிஎன்பி இயங்கினால் அணையுங்கள். கோப்புகளை வேறிடத்துக்கு மாற்றி, அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகு வட்டுகளை அழித்துப் பெட்டியை எடுத்துவிடுங்கள். இதைத் தனிமைப்படுத்தி வைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்க வேண்டாம். எல்லாக் கணினியும் தொடுவதற்காகவே இருக்கும் ஒன்றை எதிலிருந்து தனிமைப்படுத்துவது?

அடுத்தது 1941 ஜோடி. இங்கே உங்களுக்குக் கொஞ்சம் பணம் மிச்சமாகலாம். கிடங்குக்குப் போவது ஈதர்நெட் லைன் என்றால், புது லேயர்-3 சுவிட்சே அந்த ரௌட்டிங்கைச் செய்துவிடும். இரண்டு ரௌட்டர்களுக்கும் முடிவு "நீக்கு" என்று எழுதலாம். ஆனால் பல வருடம் ஓடிய ரௌட்டர் தன் பெயருக்குரிய வேலையோடு வேறு சில்லறை வேலைகளையும் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கும். முதலில் இதைப் பாருங்கள்:

```
show running-config | include dhcp|helper|nat|crypto|tunnel|ntp
```

`dhcp` அல்லது `helper` வந்தால் கிடங்குக் கணினிகளுக்கு முகவரி கொடுப்பதோ, முகவரிக் கோரிக்கையைக் கடத்துவதோ இந்த ரௌட்டர்தான். அதைக் கவனிக்காமல் கழற்றினால் அன்று எல்லாம் சரியாகவே தெரியும். பழைய முகவரிகள் காலாவதியாகும் மறுநாளோ அடுத்த வாரமோ கணினிகள் ஒவ்வொன்றாக விழும், காரணம் யாருக்கும் புரியாது. `crypto` வந்தால் அந்த லைனில் போகும் தரவு குறியாக்கம் ஆகிறது. சாதாரண லேயர்-3 சுவிட்ச் அதைச் செய்யாது. குறியாக்கம் உண்மையில் தேவையா என்று நிர்வாகத்திடம் கேட்டு, தேவையென்றால் "நீக்கு" என்பதை "மாற்று" ஆக்குங்கள். லைன் கொடுப்பவரிடமும் ஒன்று கேட்க வேண்டும்: 802.1Q டேக் அந்த லைனைக் கடக்குமா? கடந்தால் கிடங்கின் வீலான்களை நடு சுவிட்ச் வரை இழுத்து வந்துவிடலாம். கடக்காவிட்டால் கிடங்கு முனையில் ஆதரவில் உள்ள ஒரு சிறு ஃபயர்வால் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று முடிந்தால்தான் எடைமேடைக்கு வழி பிறக்கும்.

எடைமேடைக் கன்வெர்ட்டர்தான் உண்மையிலேயே தனிமைப்படுத்த வேண்டியது. அதை மாற்றினால் எடைமேடை மென்பொருளைத் தொட வேண்டிவரும் என்பதால் இப்போதைக்கு விடலாம். அது பேச வேண்டிய ஆள் ஒரே ஒருவர் என்பதும் நமக்கு வசதி. அதற்கென்று ஒரு வீலான், அதில் அது மட்டும். வேறு பழைய கருவிகளையும் அதே வீலானில் போட்டு "பழையவை அறை" ஆக்காதீர்கள். ஒன்று பிடிபட்டால் பக்கத்தில் இருப்பதும் போகும். கன்வெர்ட்டர் 192.168.90.2, எடைமேடை மென்பொருள் ஓடும் கணினி 192.168.10.25, போர்ட் 4001 என்று வைத்துக்கொண்டால் நடு சுவிட்சில் விதிகள் இப்படி இருக்கும்:

```
ip access-list extended OLD-IN
 permit tcp host 192.168.90.2 eq 4001 host 192.168.10.25 established
 deny ip any any log
ip access-list extended OLD-OUT
 permit tcp host 192.168.10.25 host 192.168.90.2 eq 4001
 deny ip any any log
interface Vlan90
 ip access-group OLD-IN in
 ip access-group OLD-OUT out
```

இணைப்பைக் கணினிதான் தொடங்கலாம். கன்வெர்ட்டர் பதில் மட்டும் சொல்லலாம். அதன் வலைப்பக்கம், டெல்நெட், இணையம், டிஎன்எஸ் எதுவும் கிடையாது. சில அமைப்புகளில் கன்வெர்ட்டரே கணினியை அழைக்கும்படி வைத்திருப்பார்கள். அப்படியென்றால் திசையைத் திருப்பி எழுத வேண்டும். எது என்று தெரிய, விதியைப் போடும் முன் எடைமேடைக் கணினியில் `netstat -an` ஓட்டி, 4001 எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று பாருங்கள். கன்வெர்ட்டரின் முகவரியோடு ஒட்டியிருந்தால் மேலே உள்ளது சரி.

விதி போட்டதோடு "தனிமைப்படுத்தப்பட்டது" என்று எழுதக் கூடாது. மூன்று சோதனை செய்யுங்கள். எடைமேடைக் கணினியில் ஒரு எடை பதிவாகிறதா? வேறொரு கணினியிலிருந்து 192.168.90.2-ஐத் தொட முடியாமல் போகிறதா? மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: கன்வெர்ட்டரின் கேபிளைப் பிடுங்கி மடிக்கணினியில் செருகி, அதே முகவரியை மடிக்கணினிக்குக் கொடுத்து, அங்கிருந்து அலுவலக சர்வரையும் இணையத்தையும் தொட்டுப் பாருங்கள். பிடிபட்ட கன்வெர்ட்டர் நிற்கப்போகும் இடம் அதுதான். அங்கிருந்து எதுவும் எட்டக்கூடாது. பிறகு சுவிட்சின் பதிவை அவ்வப்போது பாருங்கள். 192.168.90.2-இலிருந்து தடுக்கப்பட்ட வரி வந்தால், அது எங்கேயோ போக முயல்கிறது. நேரம் கேட்க டைம் சர்வரைத் தேடுகிறதா, வேறு ஏதாவதா என்று விசாரியுங்கள்.

தனிமைப்படுத்துதலுக்கும் காலாவதித் தேதி வேண்டும். ஆறு மாதம் போடுங்கள். அந்த நாளில் மூன்று சோதனையையும் மறுபடி செய்து, எடைமேடைக்குப் பொறுப்பான மேலாளர் கையெழுத்திட்டால்தான் அடுத்த ஆறு மாதம். கையெழுத்து உங்களுடையதாக இருக்கக் கூடாது. கருவி அவருடைய வேலைக்காக நிற்கிறது என்றால் ஆபத்தும் அவர் பெயரில் இருக்கட்டும்.

கடைசியாக 2960 சுவிட்சுகள். பணம் இல்லாததால் இவை இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. லேயர்-2 சுவிட்சைத் தாக்க அதன் நிர்வாகப் பக்கத்தைத் தொட வேண்டும், அதை ஏறக்குறைய முழுவதுமாக மூடிவிட முடியும். முதலில் மூட வேண்டியது ஸ்மார்ட் இன்ஸ்டால், போர்ட் 4786. 2018-இல் வெளியான CVE-2018-0171 ஓட்டையை, ரஷ்ய உளவு அமைப்பின் குழு ஒன்று ஆதரவு முடிந்த சிஸ்கோ கருவிகளில் இன்னமும் பயன்படுத்துகிறது என்று 2025 ஆகஸ்டில் எஃப்பிஐயும் சிஸ்கோவும் எச்சரித்தன.

```
no vstack
no ip http server
no ip http secure-server
access-list 10 permit 192.168.99.10
line vty 0 15
 access-class 10 in
 transport input ssh
```

192.168.99.10 உங்கள் நிர்வாகக் கணினி. எஸ்என்எம்பி `public` போன்ற பழைய சொற்களோடு ஓடினால் அதையும் எடுத்துவிடுங்கள். `transport input ssh` என்ற வரியைச் சுவிட்ச் ஏற்காவிட்டால், `show version`-இல் ஃபர்ம்வேர் பெயரைப் பாருங்கள். அதில் `k9` இல்லையென்றால் அந்தப் பதிப்பில் எஸ்எஸ்ஹெச்சே கிடையாது, டெல்நெட் மட்டும்தான். அங்கே `transport input none` போட்டுவிட்டு, வேலை இருக்கும்போது கன்சோல் கேபிளோடு நேரில் போங்கள். நான்கு சுவிட்சுக்கு அது பெரிய தொல்லை இல்லை. இந்த வரிகள் ஏறும் முன் கன்சோல் கேபிள் கையில் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தவறான முகவரியைக் கொடுத்தால் நீங்களே வெளியே நிற்பீர்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, தணிக்கையாளர் கூர்மையானவராக இருந்தால் கேட்பார். எடைமேடையின் வீலானைச் சுமப்பது இந்த 2960 என்றால், ஆதரவு முடிந்த ஒன்றை ஆதரவு முடிந்த இன்னொன்று காவல் காக்கிறது. அதனால் நான்கில் முதலில் மாற்ற வேண்டியது கிடங்கில் கன்வெர்ட்டர் செருகியிருக்கும் சுவிட்ச். மற்ற மூன்றுக்கும் அடுத்த நிதியாண்டைக் கெடுவாகப் போடலாம்.

30 நாள் கெடுவுக்குள் எல்லாம் மாறிவிட வேண்டியதில்லை. அவர் கேட்டது பட்டியலும் திட்டமும். முதல் வாரத்தில் வெளி நிர்வாக வசதி அணைக்கப்பட்டதற்கும் நாஸ் பெட்டிக்கு இணையம் நின்றதற்கும் வெளி ஸ்கேனே சான்று. முன், பின் என இரண்டையும் இணையுங்கள். RV042G மாற்றம் கெடுவுக்குள் முடிந்தால் நல்லது, முடியாவிட்டால் கொள்முதல் ஆணையின் நகலும் மாற்றும் நாளும் போதும். கிளை, 1941, கிடங்கு சுவிட்ச் மூன்றும் ஒரு காலாண்டுக்குள்.

கழற்றியவற்றை அலமாரியில் "உபரி" என்று வைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒன்று பழுதாகும் இரவில், அதே RV042G மறுபடி வாசலுக்கு வந்துவிடும். புதுப் பெட்டி இரண்டு வாரம் சரியாக ஓடியதும் பழையதைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, 1941-இலும் 2960-இலும் `write erase` கொடுத்து, சுவிட்சில் `delete flash:vlan.dat` சேர்த்துச் செய்து, மறுபடி இயக்கி அமைப்பு எதுவும் மிஞ்சவில்லை என்று பாருங்கள். விபிஎன் சாவிகளும் கடவுச்சொற்களும் அதில்தான் இருந்தன. மின்கழிவு எடுப்பவரிடம் வரிசை எண்ணோடு ரசீது வாங்கி, அட்டவணையில் அந்த வரியை நீக்காமல், கழித்த நாளை மட்டும் எழுதி வையுங்கள். அடுத்த தணிக்கையில் "அந்த ரௌட்டர் எங்கே?" என்று கேட்டால் காட்ட அது வேண்டும்.